குளிசைப் பிரிவு உபகரணங்களுக்கான சுத்திகரிப்பு வலிடேஷன் நெறிமுறை

ஆவண இலக்கம்: தஉ/சுவ/07, பதிப்பு 02
நடைமுறைக்கு வரும் திகதி: 2025 செப்டம்பர் 15
இடம்: குளிசைப் பிரிவு, மட்டக்களப்பு
தயாரித்தவர்: தர உறுதிப்பாட்டு அதிகாரி
அங்கீகரித்தவர்கள்: உற்பத்தி முகாமையாளர், பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர், தர உறுதிப்பாட்டு முகாமையாளர்

1. நோக்கமும் எல்லையும்

ஒரு மருந்தைச் செய்து முடித்துக் கழுவிய இயந்திரத்தில் அடுத்த மருந்தைப் போடும்போது, முன்னையதன் எச்சம் நோயாளிக்குத் தீங்கு தரும் அளவுக்குப் போகாது என்பதை அளந்து நிரூபிப்பதே நோக்கம். பரசிற்றமோல் 500 மி.கி., மெற்போமின் 500 மி.கி., மெபெனமிக் அசிட் 500 மி.கி., குளோர்பெனிரமின் 4 மி.கி. ஆகிய நான்குக்கும் பொதுவான உபகரணங்கள் மட்டும் இதில் அடங்கும். உலர்த்தித் தட்டுகள் அடங்கா. அவை மருந்துக்கு மருந்து தனியாக ஒதுக்கப்பட்டு நிறக்குறி இடப்பட்டவை. பெனிசிலின், செபலோஸ்போரின், ஹோர்மோன் வகைகள் இந்தப் பிரிவுக்குள் வரக்கூடாது. அப்படி ஒரு யோசனை எழுந்தால் இந்த நெறிமுறையைத் திருத்திச் சமாளிக்க முடியாது, தனிக் கட்டடமே வேண்டும்.

2. மிகக் கடினமான நிலை

கழுவுவதற்குக் கடினமானது மெபெனமிக் அசிட். நீரில் கரையாது, காரத்தில்தான் கரையும். வெறும் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் அது இடம் மாறி ஒட்டிக்கொள்ளும். குறைந்த அளவிலேயே வேலை செய்வது குளோர்பெனிரமின். ஆகவே சோதனை ஓட்டங்கள் மெபெனமிக் அசிட் தயாரிப்பைத் தொடர்ந்து நடக்கும், எல்லை குளோர்பெனிரமினை வைத்துக் கணக்கிடப்படும். மெபெனமிக் அசிட்டுக்கு மட்டும் கணக்கிட்டால் எல்லை இன்னும் தளர்வாக வரும். அந்தத் தளர்வை எவரும் கோரக்கூடாது.

3. ஏற்பு எல்லை

குளோர்பெனிரமினின் மிகக் குறைந்த வேளை அளவாக, சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கும் 1 மி.கி. எடுக்கப்படுகிறது. நாம் செய்வது 4 மி.கி. குளிசையானாலும் கணக்கு 1 மி.கி. மீதுதான். அடுத்த மருந்து பரசிற்றமோல்: மிகச் சிறிய தொகுதி 1,00,000 குளிசைகள், குளிசை ஒன்று 580 மி.கி., ஆகவே 58 கி.கி. ஒருவர் ஒரு நாளில் உட்கொள்ளக்கூடிய உச்ச அளவு 8 குளிசைகள், அதாவது 4,640 மி.கி. பாதுகாப்புக் காரணி 1,000.

```
(1 × 58000000) / (1000 × 4640) = 12.5 மி.கி.
```

பத்து இலட்சத்தில் 10 பங்கு என்ற பழைய விதிப்படி 580 மி.கி. வரும். இரண்டில் சிறியதான 12.5 மி.கி. தான் நமது எல்லை. நச்சியல் மதிப்பீட்டின்படி பெறப்படும் நாளாந்த எல்லை இதைவிடக் குறைவாக வந்தால், அந்தக் குறைந்த எண்ணுக்கு இந்தப் பகுதி உடனே திருத்தப்படும். கூடுதலாக வந்தால் 12.5 அப்படியே இருக்கும்.

| உபகரணம் | தொடு பரப்பு (ச.செ.மீ.) | ஸ்வாப் புள்ளிகள் |
|---|---|---|
| வேகக் கலவை இயந்திரம் | 18,400 | 5 |
| சல்லடை | 4,600 | 1, அத்துடன் அலசல் |
| மல்டி மில் | 3,900 | 3 |
| இரட்டைக் கூம்பு பிளெண்டர் | 20,300 | 3 |
| குளிசை அழுத்தி | 2,800 | 4 |
| மொத்தம் | 50,000 | 16 |

12.5 மி.கி. ஐ 50,000 ச.செ.மீ. க்குப் பகிர்ந்தால் ச.செ.மீ. ஒன்றுக்கு 0.25 மைக்ரோகிராம். 25 ச.செ.மீ. ஸ்வாப்பில் 6.25 மைக்ரோகிராம். அதை 10 மி.லீ. கரைசலில் எடுத்தால் மி.லீ. க்கு 0.625 மைக்ரோகிராம். எச்.பி.எல்.சி. முறை 0.1 வரை நம்பகமாக அளக்க வேண்டும்.

கண்ணுக்கு எந்தத் தூளும் தெரியக்கூடாது என்பதும் நிபந்தனைதான், ஆனால் அது முதற்படி மட்டுமே. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்குவது ச.செ.மீ. க்கு 1 முதல் 4 மைக்ரோகிராம் அளவில். நமது எல்லை அதற்குக் கீழே. "பளபளவென்று இருக்கிறது, எடுக்கலாம்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

இறுதி அலசல் நீரின் கடத்துதிறன், வழங்கப்பட்ட சுத்திகரித்த நீரைவிட 2 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் கூடக்கூடாது. பி.எச். 5.0 – 7.0. நுண்ணுயிர்: 25 ச.செ.மீ. க்கு 25 கூட்டங்களுக்கு மேல் இல்லை, அலசல் நீரில் மி.லீ. க்கு 100 க்கு மேல் இல்லை. ஈ. கோலை, சூடோமோனாஸ், ஸ்டாபிலோகொக்கஸ் ஓரியஸ் அறவே இருக்கக்கூடாது.

4. கழுவும் முறை

தூளை வெற்றிடக் கருவியால் உறிஞ்சி, பாகங்களைக் கழற்றி, 0.5% சோடியம் ஹைட்ரொக்சைட் கரைசலால் தேய்த்து, குழாய் நீரால் அலசி, கடைசியாகச் சுத்திகரித்த நீரால் அலச வேண்டும். அலுமினியப் பாகங்களில் காரம் படக்கூடாது. கிணற்று நீர் எந்தக் கட்டத்திலும் வேண்டாம். வாவியை அண்டிய கிணறுகளில் உப்பு ஏறும், குளோரைட் துருப்பிடிக்காத உருக்கையும் அரிக்கும். அரித்த குழியில் தூள் தங்கும்.

5. மாதிரி எடுக்கும் இடங்கள்

தட்டையான, கைக்கு எட்டும் இடத்தில் ஸ்வாப் எடுத்தால் எப்போதும் நல்ல பெறுபேறுதான் வரும். அதனால் பின்வரும் இடங்கள் கட்டாயம், மாற்ற முடியாது.

வேகக் கலவை: பெரிய இறக்கையின் அடிப்புறம், வெட்டியின் தண்டடி, வெளியேற்று வாயின் சிலிக்கன் வளையம், மூடியின் உட்புறம், பிணைப்புக் கரைசல் விடும் துளை. இவற்றில் வெட்டித் தண்டடிதான் மோசம். ஈரக் கலவை அங்கே பசைபோல் இறுகும். ஸ்வாப் எடுக்குமுன் வெட்டியைக் கழற்றியே ஆக வேண்டும்.

சல்லடை: விளிம்பு வளையம். வலையை ஸ்வாப் செய்ய முடியாது. மெதனோல் 80, நீர் 20 கலந்த 2 லீற்றர் கரைசலில், மூடிய பாத்திரத்தில், மின்சாதனங்களுக்கு அப்பால் அலச வேண்டும். எல்லை மி.லீ. க்கு 0.575 மைக்ரோகிராம். வெறும் நீரால் அலசினால் மெபெனமிக் அசிட் வலையிலேயே இருக்கும், பெறுபேறு பூச்சியம் வரும், அந்தப் பூச்சியம் பொய்.

மல்டி மில்: கத்தியடி, கொட்டும் தொட்டியின் மூலை, வெளிவாய். பிளெண்டர்: பட்டாம்பூச்சி வால்வின் இருக்கை, கீழ்க் கூம்பின் ஒட்டுத் தையல், மூடி வளையம். குளிசை அழுத்தி: ஊட்டுச் சட்டத்தின் உள்விளிம்பு, சுழல்தட்டின் அச்சுக் குழி, தொட்டிக் கழுத்து, வெளியேறும் சரிவு.

பொலியெஸ்டர் ஸ்வாப்பை அதே மெதனோல் கரைசலில் நனைத்து, ஒரு பக்கத்தால் கிடையாகவும் மறு பக்கத்தால் நிலைக்குத்தாகவும் பத்துப் பத்து முறை இழுக்க வேண்டும். 25 ச.செ.மீ. தராத வளைந்த பாகங்களில் எடுத்த பரப்பைக் குறித்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். நுண்ணுயிர் மாதிரி முதலில், பக்கத்து இடத்தில். மாதிரி எடுத்த இடத்தைத் திரும்பக் கழுவாமல் அடுத்த தொகுதிக்கு விடக்கூடாது.

மீட்பு வீதம், தெரிந்த அளவு மருந்து பூசிய 5 × 5 செ.மீ. உருக்குத் தகட்டிலும் சிலிக்கன் துண்டிலும் வேறு வேறாகப் பார்க்கப்படும். 70% க்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு பெறுபேறும் மீட்பு வீதத்தால் திருத்தப்பட்ட பின்னரே எல்லையோடு ஒப்பிடப்படும்.

6. ஓட்டங்கள்

அடுத்தடுத்து மூன்று ஓட்டங்கள், மூன்றும் தேற வேண்டும். இரண்டாவதில் இயந்திரம் அழுக்கோடு 24 மணித்தியாலம் வேண்டுமென்றே விடப்படும், மின்தடையால் கழுவல் தள்ளிப்போவது நமக்குப் புதிதல்ல. மூன்றாவது மாரிமழைக் காலத்தில், நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில். அப்போதைய ஈரப்பதத்தில் வளையங்களுக்கடியில் நீர் காயாது. கழுவி மூடிய இயந்திரத்தை 72 மணித்தியாலம் வைத்து நுண்ணுயிர் மாதிரி மீண்டும் எடுக்கப்படும். ஒரே ஆள் மூன்றையும் கழுவக்கூடாது, இரவு முறை ஊழியர் ஒருவராவது இருக்க வேண்டும்.

7. தவறினால்

ஒரு புள்ளி எல்லையைத் தாண்டினாலும் ஓட்டம் தோல்வி. பதினாறையும் கூட்டிச் சராசரி எடுப்பது இல்லை. பரிசோதனைக்கூடப் பிழை எழுத்தில் நிறுவப்பட்டாலன்றி அதே மாதிரியை மீண்டும் ஓட்டுவதும் இல்லை. இயந்திரத்தில் சிவப்பு அட்டை தொங்கும், விலகல் அறிக்கை அன்றே திறக்கப்படும். காரணம் கண்டு முறை திருத்தப்பட்டால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து.

8. மீள்வலிடேஷன்

புதிய மருந்து, புதிய கழுவு கரைசல், பாகம் மாற்றம், தொகுதி அளவு குறைதல் ஆகிய எதுவும் நேர்ந்தால் பகுதி 2, 3 இன் கணக்கு முதலில் திரும்பப் பார்க்கப்படும். ஒன்றும் நேராவிட்டாலும் ஆண்டுக்கு ஒரு ஓட்டம் உண்டு. அறிக்கையும் குரோமட்டோகிராம் மூலப்பிரதிகளும் தர உறுதிப்பாட்டு அறையில் இருக்கும், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் பரிசோதகர் கேட்டால் அங்கிருந்தே காட்டப்படும். கழுவும் அறைச் சுவரில் ஒட்டப்படுவது பகுதி 4, 5 இன் பிரதி மட்டும்.