மைக்ரேன் ஆய்வின் ஒப்புதல் படிவம்: தமிழாக்கத்துடன் வரும் முகப்புக் குறிப்பு

வணக்கம் மேடம்,

பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் (பதிப்பு 3.0, 14 பக்கம்) தமிழில் தயார். கோப்பின் பெயர் `PIS_ICF_v3.0_Tamil.docx`. வேலை முழுதாக முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நான்கு இடங்களில் உங்கள் பதில் வந்தால்தான் முடியும். அவற்றை மஞ்சளில் காட்டியிருக்கிறேன். நெறிமுறைக் குழுவுக்குப் போவதற்கு முன் அந்த நான்கையும் பார்த்துவிடுங்கள். மற்றதெல்லாம் நான் எடுத்த முடிவுகள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒத்துவரவில்லை என்றால் தாராளமாக மாற்றச் சொல்லலாம்.

உங்கள் பதில் வேண்டிய இடங்கள்

முதலாவது, 9ஆம் பக்கம். ஆய்வு மருந்தை நிறுத்திய பிறகு எத்தனை நாள் வேறு தலைவலித் தடுப்பு மருந்து எடுக்கக் கூடாது என்று சொல்லும் வரியில், அச்சிட்ட எண்ணை அடித்துவிட்டுப் பேனாவால் வேறு எண் எழுதியிருக்கிறார்கள். ஸ்கேனில் அது 1 மாதிரியும் இருக்கிறது, 7 மாதிரியும் இருக்கிறது. பக்கத்திலேயே அதே கையெழுத்தில் ஒரு தேதி இருக்கிறது. அதில் உள்ள 1க்கும் தலையில் இதே சின்ன வளைவு இருப்பதால் இதுவும் 1தான் என்று தோன்றுகிறது. ஆனால் இது என் தோன்றல் மட்டுமே. ஒருவர் மருந்து எடுக்கலாமா கூடாதா என்பதை அதை நம்பி முடிவு செய்ய முடியாது. தமிழில் அந்த எண்ணை எழுதாமல் விட்டிருக்கிறேன். திருத்தியவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

இரண்டாவது, 5ஆம் பக்கம். எந்தக் குழுவில் சேர்வீர்கள் என்பது 'காசு சுண்டிப் பார்ப்பது போல' என்கிறது மூலம். அதற்கு நேர் கீழே உள்ள அட்டவணையில் 360 பேரில் 240 பேருக்கு மருந்து, 120 பேருக்கு மருந்தில்லா மாத்திரை. காசு சுண்டினால் பாதிக்குப் பாதி. இங்கே மூன்றில் இரண்டு பேருக்கு மருந்து. இது மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை, மூலத்திலேயே உள்ள முரண். உவமையை அப்படியே தமிழில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் மூலத்தைத் திருத்துவது என் வேலை அல்ல. ஆனால் என்னைக் கேட்டால், காசை எடுத்துவிட்டு 'மூன்று பேரில் இருவருக்கு மருந்து கிடைக்கும். யார் யாருக்கு என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும்' என்று இரண்டு மொழியிலும் மாற்றிவிடுவது நல்லது. அந்த வாக்கியத்தையும் ஓரக்குறிப்பில் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, 'பைவீக்லி'. இந்த ஆங்கிலச் சொல்லுக்கு வாரம் இருமுறை என்றும் பொருள் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் உண்டு. ஆவணத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. 6ஆம் பக்கத்தில் இரத்தப் பரிசோதனை பற்றியது. வருகை அட்டவணையில் 0, 2, 4, 6ஆம் வாரங்கள் என்று இருப்பதால் 'இரண்டு வாரத்துக்கு ஒருமுறை' என்று துணிந்து எழுதினேன். 8ஆம் பக்கத்தில் செவிலியர் தொலைபேசியில் அழைப்பது பற்றியது. அதற்கு எந்த அட்டவணையும் இல்லை. இப்போதைக்கு அங்கேயும் அதே தொடரை வைத்து மஞ்சள் அடித்திருக்கிறேன்.

நான்காவது, 12ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'விதிப்படி காம்பன்சேஷன் வழங்கப்படும்'. போக்குவரத்துக்கும் வேலை இழந்த நேரத்துக்கும் கொடுக்கும் தொகையா, ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் கொடுக்கும் தொகையா? தமிழில் முதலாவது 'செலவுத்தொகை', இரண்டாவது 'இழப்பீடு'. இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல வழியில்லை. தலைப்பு 'செலவுகள்' என்று இருப்பதால் 'செலவுத்தொகை' போட்டேன். இழப்பீடுதான் என்றால், அதை இந்தத் தலைப்பின் கீழ் ஒற்றை வரியாக வைத்திருப்பதைக் குழு கேள்வி கேட்கும்.

சொல் தேர்வுகள்

நோயின் பெயரிலிருந்து தொடங்குகிறேன். மைக்ரேனுக்கு 'ஒற்றைத் தலைவலி' என்பது எல்லோருக்கும் தெரிந்த பெயர். ஆனாலும் தவிர்த்தேன். மைக்ரேன் இரண்டு பக்கமும் வரும். அப்படி வலி வருகிறவர் 'எனக்கு இரண்டு பக்கமும் வலிக்கிறதே, இது நமக்கில்லை' என்று தாளை மூடிவிடக் கூடும். அதனால் முழுக்க 'மைக்ரேன் தலைவலி' என்றே போகிறது. முதல் பக்கத்தில் மட்டும் 'பலர் ஒற்றைத் தலைவலி என்று சொல்வது' என்று ஒரு துணைத்தொடர் உண்டு. அது மூலத்தில் இல்லாத சேர்க்கை. ஆவணம் முழுவதிலும் நான் சேர்த்தது அது ஒன்றுதான்.

பிளசீபோ அதிக நேரம் எடுத்தது. 'மருந்துப்போலி' என்ற கலைச்சொல் இருக்கிறது. ஆனால் வாசிக்கிறவர் கண்ணில் படுவது 'போலி' மட்டும்தான். போலி மருந்து என்றால் கலப்படம், மோசடி. ஒப்புதல் கேட்கும் தாளில் அந்த வாடையே வரக் கூடாது. 'வெற்று மாத்திரை' என்றால் உள்ளே ஒன்றுமே இல்லாத கூடு என்று நினைக்க இடம் உண்டு. கடைசியில் 'மருந்து இல்லாத மாத்திரை' என்று வைத்து, முதல் முறை வரும்போது 'மருத்துவர்கள் இதைப் பிளசீபோ என்பார்கள்' என்ற மூலத்தின் விளக்கத்தையும் உடன் கொடுத்திருக்கிறேன்.

குழு பிரிப்பதற்குப் புள்ளியியலில் புழங்கும் சொல் 'சமவாய்ப்பு'. மேலே சொன்ன 240, 120 கணக்கால் அதையும் ஒதுக்கினேன். சமவாய்ப்பு என்று படித்தவர் பாதிக்குப் பாதி என்றுதான் எடுத்துக்கொள்வார். 'குலுக்கல் முறை' போதும், எல்லோருக்கும் புரியும்.

அடுத்தது 'சீரியஸ்', 'சிவியர்'. பேச்சில் இரண்டும் 'கடுமையான' என்றாகிவிடும். மருத்துவ ஆய்வில் இரண்டும் வேறு. சிவியர் என்பது தீவிரத்தின் அளவு. சீரியஸ் என்பது விளைவு: மரணம், உயிராபத்து, மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை அல்லது அங்கே கூடுதல் நாள் தங்குவது, நிரந்தர ஊனம், பிறவிக் குறை. தாங்க முடியாத தலைவலி சிவியர். ஆனால் வீட்டிலேயே தணிந்துவிட்டால் அது சீரியஸ் இல்லை. சிவியருக்குக் 'கடுமையான', சீரியஸுக்குப் 'பெரும்பாதிப்பு' என்று பிரித்து, 14 பக்கத்திலும் மாறாமல் வைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் 'அழகுக்காக' ஒன்றை மற்றதாக மாற்ற வேண்டாம். ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2006–07இல் பெர்லினில் ஒரு மருத்துவமனையில் 47 பேருக்குச் செயற்கை மூட்டு தவறாகப் பொருத்தப்பட்டது. சிமென்ட் வைத்துப் பொருத்த வேண்டிய மூட்டை, சிமென்ட் தேவைப்படாதது என்று பெட்டி மேலிருந்த ஆங்கிலத்தைத் தவறாகப் புரிந்துகொண்டதுதான் காரணம்.

மூலம் சில பக்கங்களில் 'சப்ஜெக்ட்' என்றும் சிலவற்றில் 'பார்ட்டிசிபன்ட்' என்றும் எழுதுகிறது. தமிழில் எல்லா இடத்திலும் 'பங்கேற்பாளர்'தான். மருத்துவ ஆய்வு நெறிமுறைகளுக்கான ஹெல்சிங்கி பிரகடனமே 2024 திருத்தத்தில் முதல் சொல்லைக் கைவிட்டுவிட்டது.

மறுமொழிபெயர்ப்பில் தெரியாதவை

இந்தக் கோப்பை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடப்போகிறார்கள் என்று சொன்னீர்கள். அந்த முறை பல பிழைகளைப் பிடிக்கும். சிலவற்றைப் பிடிக்காது. அவற்றுக்காகத்தான் முக்கியமாக இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் 'வீ' ஒன்றுதான். தமிழில் 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே, 'நாம்' என்றால் உள்ளே. 'உங்கள் இரத்தத்தை நாங்கள் பரிசோதிப்போம்' என்பதில் குழப்பமில்லை. 10ஆம் பக்கத்தில் 'இந்த ஆய்விலிருந்து வீ கற்றுக்கொள்வது எதிர்கால நோயாளிகளுக்கு உதவும்' என்று வருகிறது. 'நாம்' என்றால் பங்கேற்பாளரும் ஆய்வாளருக்குச் சமமான ஒரு கூட்டாளி என்ற தொனி வரும், கேட்க இனிமை. ஆனால் ஒப்புதல் படிவம் யாரையும் இனிமையாக உள்ளே இழுக்கக் கூடாது. 'நாங்கள்' என்று வைத்தேன். எதை வைத்தாலும் மறுமொழிபெயர்ப்பில் ஒரே ஆங்கிலச் சொல்தான் வரும், வித்தியாசம் தெரியவே தெரியாது.

'மே' என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். '-லாம்' என்ற விகுதி உரிமையையும் குறிக்கும், நடக்கக்கூடிய ஒன்றையும் குறிக்கும். 'நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்பது உரிமை. அதே விகுதியில் 'மருத்துவர் உங்களை விலக்கலாம்' என்று எழுதினால் அதிகாரமா வாய்ப்பா என்று புரியாது. உரிமைக்கு 'லாம்', வாய்ப்புக்கு 'கூடும்' என்று பிரித்திருக்கிறேன். 'தலைசுற்றல் வரக்கூடும்' என்று அடுத்தடுத்து வருவது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. தெரிந்தேதான் விட்டேன்.

மறுபக்கம், மறுமொழிபெயர்ப்பாளர் 'மருந்து இல்லாத மாத்திரை'யைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பிளசீபோ என்ற சொல்லைக் காணோம் என்று சிவப்புக் கோடு போடுவார். அதைப் பிழையாக எண்ண வேண்டாம். இந்தப் பகுதியை மட்டும் அவருக்கு முன்கூட்டியே காட்டாதீர்கள். காட்டினால் அவர் பார்வை சாய்ந்துவிடும். ஒப்பீடு முடிந்த பிறகு காட்டுங்கள்.

சரிபார்ப்பு

மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலை கேட்பது போல இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு நல்ல பிழையைப் பிடித்தார், என்னுடையதுதான். 'மாதத்துக்குக் குறைந்தது 4 தலைவலி நாட்கள்' என்பதை நான் '4 நாட்களுக்கு மேல்' என்று எழுதியிருந்தேன். சரியாக 4 நாள் வலி வருகிறவர் தகுதியிருந்தும் வெளியே போயிருப்பார். திருத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு எண்கள், கால அளவுகள், 'மேல்', 'கீழ்', 'வரை', 'உட்பட' வரும் எல்லா இடத்தையும் தனியாக ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்த்தோம். '24 மணி நேரத்தில் 2 மாத்திரைக்கு மேல் வேண்டாம்' என்பதை 'ஒரு நாளில்' என்று சுருக்காததும் அப்போது உறுதியானது. இரவு 11 மணிக்கு இரண்டு, நள்ளிரவு தாண்டி இரண்டு என்று எடுத்துவிட்டு, நாள் மாறிவிட்டதே என்பார்கள்.

நான் செய்யாதது ஒன்று உண்டு. மருத்துவத் துறைக்கு வெளியே உள்ள யாரிடமும் இதைப் படித்துக் காட்டவில்லை. கோப்பு ரகசியம் என்பதால் எனக்கு அனுமதி இல்லை. நீங்கள் நான்கைந்து பேரிடம் 5, 9ஆம் பக்கங்களை மட்டுமாவது சத்தமாக வாசித்துக்காட்டி, 'உங்களுக்கு என்ன புரிந்தது, உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள்.

நான்கு பதில்களும் வந்த இரண்டு வேலை நாளில் மஞ்சள் நீக்கிய இறுதிக் கோப்பும், மாறிய வரிகள் மட்டும் கொண்ட தனிப்பட்டியலும் அனுப்புகிறேன். 9ஆம் பக்கத்து எண்ணைத் தொலைபேசியில் சொல்லாமல் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
மொழிபெயர்ப்பாளர்