சயனின் சாயங்களின் உறிஞ்சல் அலைநீளமும் பெட்டிக்குள் துகள் மாதிரியும்: ஆய்வக அறிக்கையின் விவாதப் பகுதி

மெத்தனாலில் கரைத்து அளந்த மூன்று சாயங்களும் (3,3′-டைஎத்தில்தயாசயனின், தயாகார்போசயனின், தயாடைகார்போசயனின் அயோடைடுகள்) ஒரே குடும்பம்தான். இரண்டு நைட்ரஜனுக்கும் நடுவே இருக்கும் கார்பன்களின் எண்ணிக்கை p மட்டும் 3, 5, 7 என்று ஏறுகிறது. கார்பனுக்கு ஒன்று, இரண்டு நைட்ரஜனும் சேர்ந்து மூன்று என்று பை எலக்ட்ரான்களை எண்ணினால் N = p + 3. சங்கிலியை இரு முனையிலும் ஒரு பிணைப்பு நீட்டி, பிணைப்பு நீளம் l = 0.139 நானோமீட்டர் என்று வைத்தால் பெட்டியின் நீளம் L = (p + 3 + α)l. இது ஹான்ஸ் கூன் 1940களின் இறுதியில் கையாண்ட வழி. α என்பது முனையில் இருக்கும் பென்சோதயசோல் வளையங்களுக்காகச் சேர்க்கும் திருத்தம்.

λ = 8mcL² / [h(N + 1)] = 63.7 (p + 3 + α)² / (p + 4) நானோமீட்டர்

| p | அளந்தது | α = 0 | α = 0.77 |
|---|---|---|---|
| 3 | 424 | 328 | 417 |
| 5 | 557 | 453 | 544 |
| 7 | 652 | 579 | 672 |

α இல்லாமலே வரிசையும் ஏறுமுகமும் சரியாக வருகின்றன, ஆனால் மூன்றுமே 70 முதல் 105 நானோமீட்டர் வரை குறைவு. எலக்ட்ரான்கள் நைட்ரஜனோடு நின்றுவிடாமல் வளையத்துக்குள்ளும் பரவுவதால் பெட்டி நாம் நினைத்ததைவிட நீளம், அதனால் இந்தக் குறை வியப்பில்லை. மூன்றுக்கும் பொதுவாக ஒரே α-வைப் பொருத்தினால் 0.77 வருகிறது, பிழையும் சுமார் 3 சதவீதத்துக்குள் அடங்குகிறது. இதோடு நிறுத்திக்கொண்டு ‘மாதிரி நன்றாகப் பொருந்துகிறது’ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் மீதிகளைப் பாருங்கள்: +7, +13, −20. நிறமாலைமானியின் நிச்சயமின்மை 1 நானோமீட்டர் அளவுதான், கரைசல்களும் நீர்த்தவை என்பதால் மூலக்கூறுகள் திரண்டு உச்சியை நகர்த்தியிருக்கும் என்று சொல்லவும் வழியில்லை. (தயாகார்போசயனினில் 520 அருகே தெரிந்த தோள் அதிர்வு மட்டத்தால் வருவது, அது கணக்கில் சேராது.) ஆக, இந்த 20 அளவீட்டுக் கோளாறு இல்லை, மாதிரியின் கோளாறு.

கோளாறு சரிவில் இருக்கிறது. சூத்திரப்படி இரண்டு கார்பன் கூடினால் λ ஏறக்குறைய 127 நானோமீட்டர் நகர வேண்டும், α எதுவானாலும் இது பெரிதாக மாறாது. நாங்கள் பார்த்தது முதலில் 133, அடுத்து 95. சரிவை மாற்ற வேண்டுமென்றால் l-ஐத்தான் தொட வேண்டும். சங்கிலி கோணல்மாணலாக வளைந்து போவதால் முனைக்கு முனை நேர்கோட்டில் அளந்தால் ஒரு பிணைப்புக்கு 0.139 × cos 30° = 0.120 நானோமீட்டர்தான் கிடைக்கும். அப்போது சரிவு 96 ஆகிறது. α = 2.25 என்று வைத்தால் பெரிய இரண்டு சாயங்களும் ஒரு நானோமீட்டர் பிசகாமல் உட்காருகின்றன, p = 3 மட்டும் 41 நானோமீட்டர் விலகிப் போகிறது.

பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு முழு நம்பிக்கை இல்லை. இரண்டு புள்ளிக்கு இரண்டு எண்களை இழுத்துப் பொருத்தினால் பொருந்தத்தான் செய்யும், அதிலும் l-ஐத் தேர்ந்தெடுத்ததே சரிவைப் பார்த்த பிறகு. ஒன்று சொல்லலாம்: மிகச் சிறிய சாயத்தில் இரண்டு வளையங்களும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன, முனைகளும் நடுச்சங்கிலியும் தனித்தனி என்ற எடுகோளே அங்கே ஆட்டம் காண்கிறது, எனவே மூன்றுக்கும் ஒரே α என்பதுதான் முதலில் சந்தேகிக்க வேண்டிய விஷயம்.

இதைத் தீர்க்க நாலாவது சாயம் போதும். p = 9 உள்ள தயாட்ரைகார்போசயனினுக்கு முதல் கணக்கு 799 தருகிறது, நேர்கோட்டுக் கணக்கு 746. அறியப்பட்ட மதிப்பு சுமார் 760, அதாவது இரண்டாவதுக்குத்தான் நெருக்கம். ஆனாலும் அதே கரைப்பானில், அதே கருவியில் நாமே அளந்தால்தான் அந்த 14 நானோமீட்டர் வித்தியாசத்துக்கு அர்த்தம் சொல்ல முடியும்.

அப்புறம், இவ்வளவு எளிய மாதிரி இந்த அளவுக்காவது வேலை செய்வது சயனின் என்பதால்தான். நேர்மின்சுமை இந்த நைட்ரஜனில் இருப்பதாகவும் அந்த நைட்ரஜனில் இருப்பதாகவும் வரையும் இரண்டு உடனிசைவு வடிவங்களும் சமம், அதனால் பிணைப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், பெட்டியின் அடித்தளமும் ஏறக்குறைய சமதளம். 11 இரட்டைப் பிணைப்புகள் கொண்ட பீட்டா கரோட்டினுக்கு இதே கணக்கைப் போட்டால் 1200 நானோமீட்டருக்கு மேல் போகிறது, உண்மையில் அது உறிஞ்சுவதோ 450 அருகே. அங்கே ஒற்றையும் இரட்டையும் மாறிமாறி வருவதால் மின்னழுத்தமும் ஏறி இறங்குகிறது, அந்த ஏற்றத்தாழ்வே மட்டங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளியைத் திறந்துவிடுகிறது. அதற்கு α-வைத் திருகிப் பயனில்லை, ஆற்றல் சமன்பாட்டிலேயே தனி உறுப்பு சேர்க்க வேண்டும்.