ஓவர்புக்கிங்கால் விமானத்தில் ஏற்றப்படாத பயணி: இழப்பீடும் திரும்பும் டிக்கெட்டும் கோரி

டெல்லி
17.09.2025

பெறுநர்: குறைதீர் நோடல் அதிகாரி
PNR: Q7KXLD, கோவை – டெல்லி, 16.09.2025 காலை 6.40

ஐயா,

முதலில் அவசரமானது. வரும் சனிக்கிழமை, 20ஆம் தேதி, இதே PNR-இல் நான் டெல்லியிலிருந்து கோவை திரும்ப வேண்டும். உங்கள் ஆப்பில் அந்த டிக்கெட் ரத்தாகிவிட்டதாகக் காட்டுகிறது. கேட்டதற்கு, 16ஆம் தேதி நான் விமானத்துக்கு வரவே இல்லை என்பதால் மீதிப் பயணமும் தானாக ரத்தாகிவிட்டது என்கிறார்கள் உங்கள் கால் சென்டரில். வந்தவனை ஏற்றாமல் விட்டுவிட்டு வரவில்லை என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதிவை நீக்கி, ஒரு ரூபாயும் கூடுதலாகக் கேட்காமல், சனிக்கிழமை டிக்கெட்டை நாளை மாலைக்குள் உயிர்ப்பித்துத் தர வேண்டும்.

நான் திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். நொய்டாவில் உள்ள பையிங் ஆபீஸில் 16ஆம் தேதி மதியம் 3 மணிக்கு சாம்பிள் அப்ரூவல். அதற்காகவே காலை விமானம் எடுத்தேன்.

பீளமேடு விமான நிலையத்தில் 4.55க்கே உங்கள் கவுண்டரில் நின்றேன். 20 கிலோ பெட்டியை எடை போட்டு டேக் ஒட்டினார்கள். கொடுத்த போர்டிங் பாஸில் சீட் நம்பர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. "கேட்ல கொடுத்துருவாங்க சார்" என்றார் கவுண்டரில் இருந்த பெண். சரி என்று பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே போனேன். உள்ளே இருக்கும் கடையில் காபி வாங்கிய பில்லில் 5.52 என்று நேரம் அச்சாகியிருக்கிறது. வராத ஆள் அங்கே காபி குடிக்க முடியாது.

கேட்டில் என்னையும் இன்னும் மூன்று பேரையும் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். எல்லோரும் ஏறி முடிந்த பிறகுதான், "ஓவர்புக் ஆயிருச்சுங்க, சீட் இல்லைங்க" என்றார் உங்கள் மேற்பார்வையாளர். யாராவது விருப்பப்பட்டு இடம் விட்டுத் தருகிறீர்களா என்று ஒரு தடவைகூட அறிவிக்கவில்லை. டிஜிசிஏ விதிப்படி (பிரிவு 3, தொடர் எம், பகுதி 4) முதலில் செய்ய வேண்டியது அதுதான். பிறகு ரூ. 2,500 வவுச்சர் தருவதாக ஒரு தாளை நீட்டினார். அதன் அடியில், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒரு வரி. நான் கையெழுத்துப் போடவில்லை. படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மேலே இருந்து கொடுத்ததை நீட்டினார். ஆனால் ஏற்றவில்லை என்று எழுதிக் கொடுங்கள் எனக் கேட்டபோது, அதிகாரம் இல்லை என்று நகர்ந்துவிட்டார்.

மாற்றாக நீங்கள் சொன்னது மறுநாள் காலை 9.15 விமானம். 24 மணி நேரம் தாண்டிவிட்டது. அதை ஏற்றிருந்தாலும், ஏற்காமல் விட்டாலும் விதி சொல்வது ஒன்றுதான்: ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையில் 400 சதவீதம், உச்சவரம்பு ரூ. 20,000. என் டிக்கெட்டில் இவை ரூ. 5,150, ரூ. 400. நான்கு மடங்கு ரூ. 22,200 வருகிறது, ஆகவே எனக்குரியது ரூ. 20,000. மாற்று விமானத்தை ஏற்காததால் டிக்கெட் பணமும் திரும்ப வர வேண்டும். போகும் பயணத்துக்கு ரூ. 6,720, முன்பே கட்டிய கூடுதல் 5 கிலோவுக்கு ரூ. 2,250.

வேறு வழியில்லாமல் அன்றே ஹைதராபாத் வழியாக இன்னொரு நிறுவனத்தில் ரூ. 11,940 கொடுத்துப் போனேன். உங்களிடம் கட்டியதைக் கழித்தால் ரூ. 5,220 அதிகம். அங்கே பெட்டிக்கு ரூ. 2,750 வாங்கினார்கள், அதிலும் வித்தியாசமான ரூ. 500 மட்டுமே கேட்கிறேன். விமான நிலையத்தில் காலை, மதியச் சாப்பாடு ரூ. 640. டெல்லியில் முன்பதிவு செய்து வீணான காருக்கு ரூ. 1,200. ஆக மொத்தம் ரூ. 36,530. வவுச்சர் வேண்டாம், வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். சந்திப்பு இன்று காலைக்குத் தள்ளிப்போனதில் ஏற்பட்ட சங்கடத்துக்கு நான் விலை போடவில்லை.

பணத்துக்கு 15 நாள் அவகாசம் தருகிறேன். அப்புறம் ஏர்சேவாவில் புகார், அதற்கும் பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு சட்டப்படி நான் குடியிருக்கும் திருப்பூரிலேயே வழக்குப் போடலாம். சனிக்கிழமை டிக்கெட் நாளைக்குள் சரியாகாவிட்டால், புதிதாக வாங்கும் டிக்கெட்டின் விலையும் இந்தத் தொகையோடு சேரும்.

இப்படிக்கு,
மு. செல்வராஜ்
திருப்பூர்

இணைப்பு: சீட் நம்பர் இல்லாத போர்டிங் பாஸ், பெட்டி டேக், காபி பில், வவுச்சர் தாளின் படம், புதிய டிக்கெட், பெட்டிக் கட்டண ரசீது, சாப்பாட்டு பில்கள், கார் முன்பதிவு ரசீது, வங்கிக் கணக்கு விவரம்.