வாய்மொழித் தேர்வுத் தொடக்கவுரை: "தொடரால் பெயர்பெற்ற சங்கப் புலவர்கள்"

(முனைவர் பட்டப் பொது வாய்மொழித் தேர்வு, தமிழ்த்துறை அரங்கம். தொடக்கப் பகுதி, ஏறத்தாழ 11 நிமிடம். அடைப்புக்குறிக்குள் இருப்பவை எனக்கான குறிப்புகள்.)

படவில்லை 1: தலைப்பு

(நின்று, அவையைப் பார்த்து. திரையைப் பார்க்க வேண்டாம்.)

அவைக்கு வணக்கம். மதிப்பிற்குரிய புறத்தேர்வாளர் அவர்களே, என் நெறியாளர் அவர்களே, துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியர்களே, ஆய்வாளர் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் நன்றி. தனித்தனியான நன்றியுரையை ஆய்வேட்டின் முன்பக்கங்களில் எழுதியிருக்கிறேன். இங்கே நேரத்தை ஆய்வுக்கே தருகிறேன்.

என் ஆய்வேட்டின் தலைப்பு "தொடரால் பெயர்பெற்ற சங்கப் புலவர்கள்: பெயரிடலும் உவமையும்". அதன் மையக் கருத்து இதுதான்: செம்புலப்பெயனீரார், கல்பொரு சிறுநுரையார், ஓரேருழவர் போன்ற பெயர்கள், பெயர் தெரியாத இடத்தை நிரப்பத் தொகுப்பாளர்கள் இட்ட பெயர்கள் அல்ல. பாடலைக் கேட்டவர்கள் எந்தத் தொடரை மனத்தில் நிறுத்திக்கொண்டார்களோ, அந்தத் தொடரின் பதிவுகள் அவை. இதற்கான சான்றுகளைத்தான் இனி முன்வைக்கிறேன்.

(இரண்டு நொடி நிறுத்தம். அடுத்த படம்.)

படவில்லை 2: சிக்கல்

குறுந்தொகை 40ஆம் பாடல் அனைவரும் அறிந்தது. "செம்புலப் பெயல்நீர் போல அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே." (இசைக்காமல், இயல்பாகப் படிக்க வேண்டும்.) பாடியவர் பெயர் செம்புலப்பெயனீரார். இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்று உண்டு. புலவரின் இயற்பெயர் மறைந்துவிட்டது, ஆகவே தொகுத்தவர்கள் பாடலில் இருந்த அழகிய தொடரையே பெயராக வைத்தார்கள் என்பது அது. பாடநூல்களிலும் இதுவே திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த விளக்கம் இரண்டு கேள்விகளுக்கு விடை தருவதில்லை. ஒன்று, பெயர் தெரியாதபோது தொடரைப் பெயராக்குவது தொகுப்பாளர் கைக்கொண்ட முறை என்றால், குறுந்தொகையிலேயே பத்துப் பாடல்கள் ஆசிரியர் பெயரில்லாமல் நிற்பது ஏன்? பெயராகத் தகுந்த தொடர்கள் அவற்றிலும் உண்டு. இரண்டு, ஒரு பாடலில் நான்கு முதல் எட்டு அடிகள், அவற்றில் பல தொடர்கள். அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று மட்டும் தேர்வானது எப்படி?

முதல் கேள்வி பெயர் எப்போது, யாரால் பிறந்தது என்பதைப் பற்றியது. இரண்டாவது, அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பற்றியது. ஆய்வேட்டின் மூன்றாம், நான்காம் இயல்கள் முறையே இவற்றுக்கானவை.

படவில்லை 3: எல்லையும் முறையும்

ஆய்வின் மையத் தொகுதி குறுந்தொகையின் 15 பாடல்கள். எண்கள் திரையில் உள்ளன: 40, 41, 47, 54, 74, 131, 267, 277, 290, 305, 323, 324, 370, 387, 394. ஒப்பீட்டுக்கு நற்றிணை 153, 284. புறநானூறு 3, 193, 204, 243, 364.

மையத் தொகுதியில் ஒரு பாடலைச் சேர்க்க இரண்டு நிபந்தனைகள் வைத்தேன். பெயரில் உள்ள தொடரோ அதன் தெளிவான பகுதியோ அதே பாடலில் இருக்க வேண்டும். குறுந்தொகையில் அந்தப் பெயரில் அந்த ஒரு பாடல் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாம் நிபந்தனையால் கயமனார் வெளியே நிற்கிறார். குறுந்தொகை 9இல் வரும் "கயமூழ்கு மகளிர்" என்ற தொடரோடு அவர் பெயரை இணைத்துப் பார்க்க முடியும். ஆனால் அவர் பெயரில் பல பாடல்கள் இருப்பதால், பெயர் எந்தப் பாடலிலிருந்து பிறந்தது என்று உறுதி செய்ய வழியில்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரும் இல்லை. அவர் பெயர் பாடலின் பொருளைச் சுட்டுகிறது, அதன் சொற்றொடரை எடுத்துக்கொள்ளவில்லை. நச்செள்ளை என்ற இயற்பெயரும் கூடவே நிற்கிறது.

குறுந்தொகைக்கு மூலமாகக் கொண்டது உ.வே. சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பு. சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்போடு அதை ஒப்பிட்டேன். சீர் பிரிப்பு இந்த ஆய்வில் முடிவையே மாற்றக்கூடியது. பொருள் விளங்கப் பதம் பிரித்து அச்சிட்ட மலிவுப் பதிப்புகளில் சீர் எண்ணினால் கணக்கு தவறும். ஆகவே சீர் சார்ந்த கணக்குகள் எல்லாம் சந்தி பிரிக்காத மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

படவில்லை 4: முதல் முடிவு — பெயர் தொகுப்புக்கு முந்தியது

(இதுவே உரையின் முதன்மைப் பகுதி. வேகம் குறைக்க வேண்டும்.)

குறுந்தொகை 131இல், பொருள் தேடப் போனவன் ஊர் திரும்பத் துடிக்கிறான். ஈரம் பதமாக இருக்கும்போதே நிலம் முழுவதையும் உழுதுவிட வேண்டும், ஆனால் கையில் இருப்பது ஒரே ஓர் ஏர். அந்த உழவனின் பதற்றம் தன் நெஞ்சின் பதற்றம் என்கிறான். "ஓரேர் உழவன் போலப் பெருவிதுப் புற்றன்றால் நோகோ யானே." புலவர் பெயர் ஓரேருழவர். இதுவரை வழக்கமான விளக்கத்துக்குள் அடங்கிவிடும்.

இப்போது புறநானூறு 193. வெண்மையான களர்நிலத்தில் ஒருவன் விரட்ட ஓடும் மான் போல ஓடித் தப்பவும் கூடும், ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைத் தளையிட்டு நிறுத்துகிறது என்று சொல்லும் நான்கடிப் பாடல். அதில் ஏர் இல்லை, உழவன் இல்லை. பாடியவர் பெயராக நிற்பது ஓரேருழவர்.

புறநானூற்றுத் தொகுப்பாளர் பெயர் தெரியாமல் பாடலிலிருந்து பெயர் எடுத்திருந்தால், இங்கே மானோ களரோதான் பெயராகியிருக்கும். அப்படி ஆகவில்லை. அகப்பாடலின் தொடர், வேறொரு தொகையில் உள்ள புறப்பாடலுக்கு உரியவரின் பெயராக வந்து நிற்கிறது. அப்படியானால் இரண்டு தொகைகளுக்கும் வெளியே, இந்தப் பெயரால் ஒருவரை மக்கள் அறிந்திருந்தார்கள்.

ஒரு தடை எழும். அவர் உண்மையிலேயே ஓர் ஏர் மட்டும் கொண்ட உழவராக இருந்திருக்கலாமே? இருந்திருக்கலாம். அதை மறுக்கச் சான்று இல்லை. ஆனால் அப்போதும் அந்தப் பெயர் தொகுப்பாளர் படைத்தது ஆகாது. என் வாதத்துக்கு அதுவே போதும்.

இதே திசையைக் காட்டும் இன்னொரு சான்று புறநானூறு 204. "ஈயென இரத்தல் இழிந்தன்று" என்று தொடங்கும் பாடல். பாடியவர் கழைதின் யானையார். இந்தப் பாடலில் மூங்கிலும் இல்லை, யானையும் இல்லை. இன்று நம் கையில் இல்லாத ஒரு பாடலின் தொடர் இப்பெயரில் தங்கியிருக்கக்கூடும் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். இதை முடிவாக அல்ல, ஊகமாகவே வைத்திருக்கிறேன்.

படவில்லை 5: இரண்டாம் முடிவு — எந்தத் தொடர் பெயராகிறது

மையத் தொகுதியின் 15 பாடல்களில் 11இல் பெயர்த்தொடர் உவமைக்குள் இருக்கிறது. செம்மண்ணில் பெய்த நீர், அணிலாடும் முற்றம், மீன் எறிந்த தூண்டில், விட்ட குதிரை, குப்பைக்கோழியின் சண்டை, கல்லில் மோதும் சிறுநுரை எல்லாம் இதில் அடங்கும். மீதி நான்கு: 47 நெடுவெண்ணிலவை விளிக்கிறது, 277இன் ஓரிற் பிச்சை நேர்ச்செய்தி, 323இன் பதடி வைகலும் 387இன் கங்குல் வெள்ளமும் உருவகங்கள்.

சங்கப் பாடலில் உவமை எங்கும் உண்டு, எனவே 11 என்பது வியப்பா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், ஒரே பாடலில் இரண்டு உவமைகள் இருக்கும் இடங்களைப் பார்த்தேன். 131இல் தோளுக்கு மூங்கில் உவமையாக வருகிறது. அது எல்லாப் புலவரும் கையாண்டது. பெயர் அதைத் தொடவில்லை, உழவனை எடுத்தது. 41இல் விழாக்கொண்ட ஊரும் உண்டு, மக்கள் விட்டுப்போன வீட்டின் அணிலாடு முன்றிலும் உண்டு. பெயர் அணிலை எடுத்தது. வேறு யாரும் சொல்லாததையே கேட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்தது இடம். 40, 54, 131, 290 ஆகிய நான்கிலும் பெயர்த்தொடர் ஈற்றயலடியில் நிற்கிறது. நேரிசை ஆசிரியப்பாவில் அந்த அடி முச்சீரால் வரும். (திரையில் நான்கு அடிகளையும் சுட்டிக் காட்டுக.) "செம்புலப் பெயனீர் போல", "மீனெறி தூண்டிலின் நிவக்கும்", "ஓரேர் உழவன் போல", "கல்பொரு சிறுநுரை போல". நாற்சீர் ஓட்டம் ஒரு சீர் குறைந்து நிற்கும் இடம் அது. செவி அங்கே ஒரு கணம் தங்குகிறது, தங்கிய இடத்தில் உவமை இருக்கிறது. 370இலும் தொடர் ஈற்றயலடியில்தான் வருகிறது. ஆனால் "பொருந்தியவன்" என்பதை ஒரு சீராகக் கொள்வதா, இரண்டாகவா என்ற கேள்வி இருப்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒப்பீட்டுத் தொகுதியில் நற்றிணையின் தனிமகனாரும் தேய்புரிப் பழங்கயிற்றினாரும் உவமையால் பெயர் பெற்றவர்களே. புறநானூற்றில் நிலை மாறுகிறது. இரும்பிடர்த்தலை, தொடித்தலை விழுத்தண்டு, கூகைக்கோழி மூன்றும் நேரடிக் காட்சிகள். இது அகம், புறம் என்னும் பொருள் வேறுபாட்டால் நேர்ந்ததா, இந்தச் சிறு தொகுதியால் நேர்ந்ததா என்பதை மூன்று பாடல்களை வைத்து முடிவு செய்ய முடியாது. ஐந்தாம் இயலில் அதைத் திறந்த கேள்வியாகவே விட்டிருக்கிறேன்.

படவில்லை 6: ஆய்வு சொல்லாதவை

தேர்வாளர்களின் வினாக்களுக்கு முன் என் எல்லைகளை நானே சொல்லிவிடுகிறேன். 15 என்பது சிறிய எண். அதில் விழுக்காடு கணக்கிடுவது பொய்யான துல்லியம் தரும், எனவே ஆய்வேட்டில் எங்கும் விழுக்காடு இல்லை. பாடல் அடிக்குறிப்புகளில் உள்ள பெயர்கள் ஏடெழுதியவர்கள் கையில் மாறியிருக்க வாய்ப்புண்டு. சுவடிகளை நேரில் ஒப்பிடவில்லை, அச்சுப் பதிப்புகள் தரும் பாடவேறுபாடுகளை மட்டுமே பயன்படுத்தினேன். இப்புலவர்களின் காலத்தையோ ஊரையோ பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

(தண்ணீர் குடிக்கலாம். அட்டவணைப் படம் திறக்கும்வரை பேச வேண்டாம்.)

இனி மூன்றாம் இயலின் அட்டவணை. பெயரில்லாத பத்துப் பாடல்களையும் பெயர்பெற்ற பதினைந்தையும் அருகருகே வைத்திருக்கிறேன். இடப்பக்க வரிசையிலிருந்து தொடங்குகிறேன்.