நேற்றைய விலைப்பட்டியல்

முந்தைய இரவு இரண்டு மணி நேரம் செலவிட்டு, 64 பொருள்களுக்கும் கொள்முதல் விலை, இலாப விகிதம், மொத்தமாக வாங்குவோருக்கான தள்ளுபடி என ஒவ்வொன்றாகச் செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலியிடம் சொல்லிப் பட்டியலை முடித்திருந்த கடைக்காரர், காலையில் கடையைத் திறந்ததும், மூன்றாம் பிரிவின் விலையை மட்டும் 2 விழுக்காடு உயர்த்துமாறு தட்டச்சு செய்தார். எந்தப் பட்டியல் என்று அது திருப்பிக் கேட்டது.

“நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட இப்படிக் கேட்கமாட்டான்!” என்று கைப்பேசியை மேசைமேல் வைத்தார்.

மகள் எட்டிப் பார்த்தாள். “அப்பா, நீங்கள் புதிய உரையாடலைத் தொடங்கியிருக்கிறீர்கள். இதில் எழுதியது மட்டும்தான் இதற்குத் தெரியும். நேற்றுப் பேசியது அந்த உரையாடலிலேயே இருக்கிறது.”

பக்கப் பட்டியலிலிருந்து அவள் அதைத் திறந்தபோது, 64 பொருள்களும் வரிசை குலையாமல் இருந்தன. அவருக்கு நிம்மதியைவிட எரிச்சலே மிகுந்தது. அடுத்த அறையில் இருப்பதை எடுத்துவரத் தெரியாத கணக்குப்பிள்ளையை யார் வைத்துக்கொள்வார்கள்?

“இதை அச்சிட்டுக் கொடு” என்றவர், பழைய பேரேட்டைத் தூசி தட்டி எடுத்தார்.