எழுத்துப்பிழையில்லாப் போட்டி: மூன்று நிலைச் சொற்களும் காரணங்களும்
(6 முதல் 8ஆம் வகுப்பு வரை)

டீச்சர்களுக்கும் சார்களுக்கும் வணக்கம். பட்டியலைப் பிரிக்கும்போது சொல்லின் நீளத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. காதால் கேட்டதும் எந்த எழுத்து என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுமா, இல்லை யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டுமா என்பதை மட்டும்தான் பார்த்தேன். நம் பிள்ளைகள் வாயில் தினமும் புழங்கும் சொல் என்பதாலேயே அது எளிதாகிவிடாது, மீன் பெயர்களில் பாதியை அவர்கள் அச்சில் பார்த்ததே கிடையாது.

எழுத்தைச் சொல்லும்போது றன்னகரம், டண்ணகரம், சிறப்பு ழகரம் என்று பெயரோடு சொல்ல வேண்டும், வெறும் 'ன' என்றால் நடுவருக்கு எது என்று புரியாது.

முதல் நிலை

படகு, சங்கு: குழப்பும் எழுத்தே இல்லை, மேடைப் பயம் போக இவை முதலில் வரட்டும்.

நண்டு: இரண்டு நகரம் இருந்தாலும் எளிதுதான். சொல்லின் முதலில் தந்நகரம் வரும், டகரத்துக்கு முன்னால் டண்ணகரம்தான் வரும், அந்தப் பெயரிலேயே விதி இருக்கிறது.

பாம்பன், கீழக்கரை: கீழக்கரையில் ழகரமும் இடையின ரகரமும் இருப்பதால் இரண்டாம் நிலைக்குப் போக வேண்டும் என்று தோன்றும். ஆனால் பஸ் போர்டில் பார்த்துப் பார்த்துக் கண்ணிலேயே பதிந்த பெயர், அதனால் இங்கேயே இருக்கட்டும்.

இரண்டாம் நிலை

மணல்: சின்னச் சொல்தான், காலடியில் கிடப்பதுதான், ஆனாலும் 'மனல்' என்று எழுதும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. டகரம் போலப் பக்கத்தில் காட்டிக்கொடுக்கும் எழுத்து எதுவும் இல்லாததால் முதல் நிலையிலிருந்து எடுத்துவிட்டேன். கணவாய்க்கும் இதே காரணம்.

வாளை: இந்த நிலையில் எனக்கு ரொம்பப் பிடித்த சொல். நம் பக்கம் வாழையையும் பேச்சில் 'வாளை' என்றுதான் சொல்கிறோம், அதனால் காது கொஞ்சமும் உதவாது. 'வலையில் வாளை நிறைய விழுந்தது' என்று முழு வாக்கியமாகப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும், தனியாகக் கேட்டால் பிள்ளைக்கு அநியாயம்.

இறால்: ரகரமா றகரமா என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. துறைமுகமும் அப்படித்தான், ஆனால் அதைப் பாடத்தில் பார்த்திருப்பார்கள்.

உப்பளம்: அளம் என்றாலே உப்பு விளையும் இடம். வாலிநோக்கம் பக்கத்துப் பிள்ளைக்குப் பொருள் தெரிந்தாலும் ளகரத்தில் தடுமாறும்.

பனங்கிழங்கு: றன்னகரம், ஙகரம், ழகரம் மூன்றும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பனையிலிருந்து வந்தது என்று யோசித்தால் முதல் சிக்கல் தீர்ந்துவிடும்.

மூன்றாம் நிலை

இங்கே சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

கடற்பசு, கடல்வாழ் உயிரினம்: இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலில் லகரம் றகரமாகத் திரிகிறது, இரண்டாவதில் வகரத்துக்கு முன்னால் திரியாமல் நிற்கிறது. மனப்பாடம் செய்து வந்த பிள்ளை யார், புரிந்துகொண்ட பிள்ளை யார் என்று இங்கே தெரிந்துவிடும்.

கலங்கரை விளக்கம்: கலம் என்றால் கப்பல், ஆகவே லகரம். கரைதல் என்றால் அழைத்தல், ஆகவே இடையின ரகரம். விளக்கத்தில் ளகரம். பாம்பனில் தினமும் பார்க்கிற பிள்ளைகூட 'கறை' என்று எழுதும்.

சூறாவளி: 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட சொல். வல்லின றகரமும் ளகரமும் சேர்ந்து வருவதால் இங்கே வைத்தேன்.

உயிர்க்கோளக் காப்பகம்: மன்னார் வளைகுடா 1989இல் பெற்ற பெயர். 'ர்'க்குப் பின் 'க்', நடுவில் ளகரம், கடைசியில் இன்னொரு ஒற்று. ஒற்றை விட்டால் பிழைதான், இதில் இரக்கம் வேண்டாம்.

காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: சமன் ஆனால் மட்டும் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் காதில் விழுவது, ஆனால் இரண்டு ழகரமும் நடுவில் உள்ள 'த்'தும் எட்டாம் வகுப்பையும் திணறவைக்கும்.

சேர்க்காதவை

பவளப்பாறை வேண்டும் என்று கேட்டீர்கள். பவளம், பவழம் இரண்டுமே சரி என்பதால் எடுத்துவிட்டேன். ராமேஸ்வரம், இராமேசுவரம் என்று பல வடிவம் உண்டு, நம் மாவட்டப் பெயரே இகரத்தோடும் இல்லாமலும் எழுதப்படுகிறது. இரண்டு வடிவமும் சரியாக இருக்கும் சொல்லில் ஒரு பிள்ளையைத் தோற்கடிப்பது பெரிய பாவம். பட்டியலில் அப்படி இன்னும் ஏதாவது தப்பி நின்றால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், சீட்டு எழுதுவதற்கு முன் மாற்றிவிடலாம்.