மழைக்கால ஆயத்தக் கூட்டம்: அழைப்பு

கடலூர்
06.10.2025

ஆசிரியர்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுக்கூடத்தினர், துப்புரவுப் பணியாளர்கள், இரவுக் காவலர் அனைவருக்கும் வணக்கம்.

வரும் வியாழக்கிழமை (09.10.2025) மாலை 4.20 மணிக்கு ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவு அறையில் நாம் எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பேச வேண்டும். சரியாக 5 மணிக்கு முடித்துவிடுவோம். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கம் பஸ் பிடிக்க வேண்டியவர்களை அதற்கு மேல் காக்கவைக்க மாட்டேன். மாடி ஏறச் சிரமப்படுகிறவர்கள் இருப்பதால் நூலகத்தை விட்டுக் கீழ்த்தள அறையைத் தேர்ந்திருக்கிறேன்.

பருவமழை வழக்கமாக இந்த மாதம் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். சென்ற ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது; அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்தது. நம் பள்ளியில் முகாம் திறக்கச் சொன்னபோது சாவி யாரிடம் என்றுகூடத் தெரியவில்லை. காவலர் ஒருவரே நள்ளிரவில் அத்தனை குடும்பங்களையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தார். அவரைத் தனியாக விட்டது என் தவறு. இந்த ஆண்டு அப்படி நேரக்கூடாது. கூட்டத்தின் நோக்கம் அதுதான்.

2011 தானே புயலின்போது இங்கே பணியில் இருந்தவர்கள் நம்மில் ஐந்து பேர் இருக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் அவர்கள் சொல்வதைக் கேட்போம். பிறகு முகாம் வேலை: சாவி, விளக்கு, குடிநீர், சமையல், கழிப்பறை, பெண்களுக்குத் தனி அறை. ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒருவர், அவரால் வர முடியாவிட்டால் இன்னொருவர் என்று அன்றே முடிவு செய்யலாம். தாழ்வான தெருவில் வீடு உள்ளவர்கள், கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ உடன் இருப்பவர்கள் தங்கள் நிலையைத் தயங்காமல் சொல்லுங்கள். எல்லோர் முன்னும் சொல்ல விருப்பமில்லை என்றால் புதன்கிழமைக்குள் என்னிடம் தனியாகச் சொல்லலாம். அவர்களுக்கு இரவு வேலை வராது.

அடுத்தது பதிவேடுகள். சென்ற முறை சேர்க்கைப் பதிவேட்டை ஒவ்வொரு தாளாக வெயிலில் காயவைத்தோம். அலமாரியின் கீழ்த்தட்டுகளில் இருப்பதை மாடிக்கு ஏற்றும் நாளைக் குறித்துவிடுவோம். விடுமுறைச் செய்தியைப் பெற்றோருக்கு யார் அனுப்புவது என்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

சென்ற ஆண்டு கூட்டத்துக்குக் காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு மாலையில் வரச் சொன்னேன். பலருக்கு அது வருத்தம் தந்ததை அறிவேன், மன்னிக்கவும். அதனால்தான் இம்முறை மூன்று நாள் முன்பாகவே ஒவ்வொருவர் கையிலும் இந்தக் கடிதத்தைத் தருகிறேன். வேறு ஏதும் பேச வேண்டியிருந்தால் இதன் பின்பக்கத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுங்கள், சேர்த்துக்கொள்கிறேன். வர இயலாதவர்கள் முன்னதாகத் தெரிவித்தால் போதும், காரணம் கேட்க மாட்டேன். முடிவானவற்றை மறுநாள் காலை நானே வந்து சொல்கிறேன்.

எல்லோருக்கும் நாற்காலி போட்டிருக்கும். தேநீரும் சுண்டலும் 4.10-க்கே தயாராக இருக்கும். சமையலர் அக்காவும் கூட்டத்தில் உட்கார வேண்டும் என்பதால் அவற்றை வெளியில் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
தலைமை ஆசிரியர்